முதுமையின் மருத்துவச் செலவுக்குத் தனிப் பணம்: பினாங்கில் ஒரு தம்பதிக்குப் போட்ட கணக்கு, படிப்படியாக

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து, 60 வயதில் வேலையை விட்டு வந்தார். சித்திக்கு 57. இருவருக்கும் சர்க்கரை, சித்தப்பாவுக்குக் கூடவே ரத்த அழுத்தம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. இபிஎஃப்-இல் சித்தப்பாவிடம் 3,20,000 ரிங்கிட், சித்தியிடம் 92,000 ரிங்கிட். நிபோங் திபாலில் ஒரு சிறிய வீடு மாதம் 700 ரிங்கிட் வாடகைக்குப் போயிருக்கிறது. மூன்று பிள்ளைகளும் சேர்ந்து மாதம் 600 ரிங்கிட் தருகிறார்கள்.

"மாசம் 3,000 வெள்ளி இருந்தா போதும்டா, மருந்துச் செலவும் அதிலேயே அடங்கிடும்" என்றார். அவர் போட்ட தப்பு அதுதான். சாப்பாட்டுச் செலவு விலைவாசியோடு மெல்ல ஏறும். மருத்துவச் செலவு வேகமாக ஏறும், அதுவும் மொத்தமாக வந்து விழும். இரண்டும் ஒரே பையில் இருந்தால் ஒரு முழங்கால் அறுவை சிகிச்சை மூன்று ஆண்டுச் சாப்பாட்டைத் தின்றுவிடும், தின்றது தெரியவும் தெரியாது. அதனால் இரண்டையும் பிரித்தோம். எப்படிப் பிரித்தோம் என்பதை எங்கள் எண்களோடு எழுதுகிறேன். விலைகள் நாங்கள் பினாங்கில் விசாரித்தபோது சொன்னவை. உங்கள் ஊரில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் படி: ஒரு வருட ரசீது

சித்தி பழைய பிஸ்கட் டின்னில் ரசீதுகளைப் போட்டு வைப்பார். அதைக் கொட்டி, 12 மாத ரசீதுகளைப் பிரித்தோம். கிளினிக், மருந்து, ரத்தப் பரிசோதனை, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், கண்ணாடி, பல், மருத்துவமனைக்குப் போன கிராப் கட்டணம் எல்லாம் மருத்துவக் கணக்கில். சத்து மாத்திரையும், டைரக்ட் செல்லிங்கில் வாங்கிய ஜூஸும் வீட்டுச் செலவில். இதில் கொஞ்சம் சண்டை வந்தது. டாக்டர் எழுதித் தராத எதுவும் இந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அங்கே விட்டுக்கொடுத்தால் இரண்டு வருடத்தில் எல்லாமே "மருத்துவம்" ஆகிவிடும்.

மாதம் 420 ரிங்கிட் வந்தது. அதில் பெரும்பகுதி, தனியார் கிளினிக்கில் வாங்கிய சர்க்கரை, பிரஷர் மாத்திரை. இருவரையும் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு மாற்றினோம். காத்திருக்க வேண்டும், சில நாள் காலை முழுவதும் போய்விடும். ஆனால் நீண்ட நாள் மருந்துகள் அங்கே இலவசம். மாதச் செலவு 240-க்கு இறங்கியது. மிச்சமான 180 ரிங்கிட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று சித்தப்பா சந்தோஷப்பட்டார். பொறுங்கள் என்றேன். ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: எந்த நோய்க்கு எந்த வாசல்

எல்லாக் கணக்கும் இந்த முடிவில்தான் தொங்குகிறது. மலேசியாவில் நமக்கு இரண்டு வாசல். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிப் பதிவு 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக் 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 ரிங்கிட் என்பதுதான் அடிப்படைக் கட்டணம். மூத்த குடிமக்களுக்கு அதிலும் சலுகை உண்டு. அரசாங்கப் பென்ஷன்காரர் என்றால் இன்னும் எளிது. தனியார் வாசலில் அதே சிகிச்சை ஆயிரக்கணக்கில்.

பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. சின்ன நோய்க்கு அரசாங்கத்துக்கும், புற்றுநோய் என்றதும் பயந்து தனியாருக்கும் ஓடுகிறார்கள். என் சொந்தத்திலேயே ஒருவருக்கு அப்படி நடந்தது. தனியாரில் சிகிச்சையை ஆரம்பித்தார்கள். மெடிக்கல் கார்டின் ஆண்டு வரம்பு பாதியிலேயே தீர்ந்தது, கையிலிருந்த பணமும் தீர்ந்தது. அப்புறம் அரசாங்க மருத்துவமனைக்கு வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

எங்கள் விதி இது. எங்கே முடியும் என்று சொல்ல முடியாத நோய்கள், அதாவது புற்றுநோய், டயாலிசிஸ், பக்கவாதம், இருதயம் ஆகியவை அரசாங்க வாசலில். ஒரே தடவையில் முடிகிற, விலை முன்னாடியே தெரிகிற, காத்திருந்தால் வாழ்க்கை முடங்குகிற கண்புரை, முழங்கால் போன்றவைக்கு மட்டும், பணம் இருந்தால் தனியார்.

அரசாங்க வாசல் முழுக்க இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் குறைவு, ஆனால் உடம்புக்குள் வைக்கும் பொருளை நோயாளியே வாங்க வேண்டி வரலாம். இருதய ஸ்டென்ட், செயற்கை முழங்கால் போன்றவை அப்படி. இதற்கு உதவி உண்டு. பி40 குடும்பங்களில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் மருத்துவச் சாதனங்களுக்கு 20,000 ரிங்கிட் வரை கிடைக்கும். சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் நிதியும் இருக்கிறது. பொருளை வாங்கிய பிறகு ரசீதை நீட்டிப் பயனில்லை. டாக்டர் பொருளின் பெயரைச் சொன்ன அன்றே, மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொன்று. கணவனோ மனைவியோ இந்தியாவிலிருந்து வந்து இன்னும் குடியுரிமை பெறாதவர் என்றால் அரசாங்க வாசலின் கட்டணம் முற்றிலும் வேறு, பல மடங்கு அதிகம். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு இந்தக் கட்டுரையின் எண்கள் பொருந்தாது, முறை மட்டும் பொருந்தும்.

மூன்றாம் படி: விலை ஏற்றத்தைச் சேர்ப்பது

மலேசியாவில் 2024-இல் மருத்துவப் பணவீக்கம் 15 சதவீதம் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அதை அப்படியே போட்டால் கணக்கு வானத்துக்குப் போய்விடும், மனம் வெறுத்து நோட்டை மூடிவிடுவீர்கள். காப்புறுதித் துறை சொல்லும் அந்த எண்ணில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது: ஒன்று விலை ஏறுவது, இன்னொன்று மக்கள் அதிகம் சிகிச்சைக்குப் போவது. நாம் சிகிச்சைகளை ஒவ்வொன்றாக எண்ணப் போகிறோம், அதனால் இரண்டாவது ஏற்கனவே நம் பட்டியலில் வந்துவிடும். விலையை மட்டும் கூட்டினால் போதும். நான் 8 சதவீதம் வைத்தேன். அது என் கணிப்புதான். உங்களுக்கு அது குறைவாகத் தெரிந்தால் 9 வைத்துப் பாருங்கள்.

மறுபக்கம், ஒதுக்கிய பணமும் வளரும். இபிஎஃப் 2023-க்கு 5.5 சதவீதமும் 2024-க்கு 6.3 சதவீதமும் லாபஈவு தந்தது. குறைவானதையே எடுத்தேன். ஆக, செலவு பணத்தைவிட ஆண்டுக்குச் சுமார் 2.4 சதவீதம் வேகமாக ஓடுகிறது:

```
1.08 ÷ 1.055 = 1.0237
10 ஆண்டு: 1.26 மடங்கு
20 ஆண்டு: 1.60 மடங்கு
```

இதற்கு அர்த்தம், இன்று 10,000 ரிங்கிட் ஆகும் சிகிச்சை 10 ஆண்டு கழித்து வரும் என்றால், அதற்காக இன்று 12,600 ஒதுக்க வேண்டும் என்பதுதான்.

இப்போது அந்த 180 ரிங்கிட். மாதம் 240 என்றால் வருடத்துக்கு 2,880. 25 வருடத்துக்குச் சாதாரணமாகப் பெருக்கினால் 72,000. மேலே சொன்ன வேகத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய 97,000 வருகிறது. இதை மொத்தமாக எடுத்து வைக்க இவர்களிடம் பணம் இல்லை, ஆனால் வாடகை இருக்கிறது. வாடகை ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும் என்று வைத்து, மாதம் எவ்வளவு ஒதுக்கினால் 25 ஆண்டுச் செலவு அடங்கும் என்று பார்த்தேன். வந்த விடை 420. முன்பு தனியார் கிளினிக்கில் கொடுத்துக்கொண்டிருந்த அதே தொகை! ஆகவே செலவு குறைந்தாலும் ஒதுக்குவது குறையக்கூடாது. அந்த 180 மிச்சப் பணம் அல்ல, 75 வயதில் மாத்திரை வாங்க வேண்டிய பணம்.

நான்காம் படி: பெரிய செலவுகளின் பட்டியல்

நோய்ப் பட்டியல் எழுதுவது சித்திக்குப் பிடிக்கவில்லை, அபசகுனம் என்றார். "வரும்" என்று எழுதாமல் "வந்தால்" என்று எழுதினோம், ஒத்துக்கொண்டார்.

முதலில் எழுதியது: இருவருக்கும் கண்புரை, நான்கு கண், தனியாரில் 24,000. சித்தியின் ஒரு முழங்கால், தனியாரில் 30,000. சித்தப்பாவின் இருதயத்துக்கு, அரசாங்க வாசலில், பொருள் வாங்க 12,000. அப்புறம் ஒரு 20,000, இதற்குப் பெயர் "முதல் மூன்று நாள்". நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் யாரும் விதியை நினைத்துப் பார்ப்பதில்லை, பக்கத்திலிருக்கும் தனியார் மருத்துவமனைக்குத்தான் காரைத் திருப்புவார்கள். அங்கே முன்பணம் கேட்பார்கள். பிறகு அரசாங்கத்துக்கு மாற்றலாம், ஆனால் அங்கே படுக்கை கிடைத்து, அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான். அந்த இடைவெளிக்கான பணம் இது. இதை ஒதுக்காமல் போடும் எந்தத் திட்டமும் ஒரே ராத்திரியில் உடைந்துவிடும்.

மொத்தம் 86,000. நடுவில் 10 ஆண்டு என்று வைத்து 1.26-ஆல் பெருக்கினால் சுமார் 1,08,000.

தனியாரில் விலை கேட்கும்போது ஒரு விஷயம். "முழங்காலுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் ஒரு எண் சொல்வார்கள், பில் வேறாக வரும். டாக்டர் கட்டணத்துக்கு அரசாங்க ஒழுங்குமுறையின் 13-ஆவது அட்டவணையில் உச்சவரம்பு உண்டு. அறை, மருந்து, அறுவைக் கூடம், ஊசி, கையுறை போன்றவற்றுக்கு அப்படி வரம்பு இல்லை, பில் வீங்குவது அங்கேதான். அதனால் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், டாக்டர் கட்டணத்தையும் மருத்துவமனைக் கட்டணத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டு இடத்தில் கேளுங்கள். பினாங்கில் லாம் வா ஈ, அட்வென்டிஸ்ட் போன்ற லாப நோக்கமில்லாத மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஒப்பிட அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பார்த்துக்கொள்ள ஆள்

பலர் விட்டுவிடும் செலவு இது. பக்கவாதம் வந்தவரை அரசாங்க மருத்துவமனை காப்பாற்றும், சில வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதற்கப்புறம் குளிப்பாட்ட, திருப்பிப் படுக்க வைக்க, டயப்பர் மாற்ற ஆள் வேண்டும். மெடிக்கல் கார்டும் பொதுவாக இதற்குத் தராது.

சித்தப்பாவுக்கு அப்படி ஆனால் சித்தி இருப்பார். வீட்டுக்கு வரும் உதவியாளருக்கு மாதம் 2,500 வீதம் 12 மாதம், 30,000. சித்தி மூன்று வயது இளையவர், பெண்கள் பொதுவாக அதிக நாள் வாழ்கிறார்கள், அவர் விழும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் அவருக்கு முதியோர் பராமரிப்பு இல்லம், மாதம் 3,500, இரண்டு வருடம். அங்கே சாப்பாடும் சேர்ந்துதான் வரும், வீட்டுச் செலவில் 600 குறையும், ஆக நிகரமாக 2,900. இரண்டு வருடத்துக்கு 69,600. இரண்டும் சேர்த்து ஒரு லட்சம்.

இதை நான் 1.60-ஆல் பெருக்கவில்லை. பராமரிப்பில் பெரும்பகுதி சம்பளம். அது இயந்திரம், மருந்து விலையைப் போல் ஏறாது, இபிஎஃப் வளர்ச்சியோடு ஏறக்குறைய சேர்ந்து ஓடும் என்று வைத்தேன்.

ஆறாம் படி: பணம் போதவில்லை என்று ஒத்துக்கொள்வது

மாதச் செலவுக்கு 25 ஆண்டுக்குமாக 97,000, பெரியவை 1,08,000, பராமரிப்பு 1,00,000. கூட்டினால் 3,05,000 ரிங்கிட். இருவர் இபிஎஃப்-உம் சேர்த்து 4,12,000. மிச்சம் 1,07,000-இல் வாழ்க்கை நடத்த முடியாது. இந்த இடத்தில்தான் பலர் நோட்டை மூடுகிறார்கள். உண்மையில் வேலை இங்கேதான் ஆரம்பம்.

97,000-ஐ வாடகையிலிருந்து மாதம் 420 என்று மாற்றியாகிவிட்டது. கண்புரையையும் முழங்காலையும் அரசாங்க வாசலுக்கு மாற்றினோம். காத்திருக்கும் வேதனை உண்டு, சித்தி தெரிந்தேதான் ஒத்துக்கொண்டார். கண்ணுக்கு 4,000, முழங்கால் பொருளுக்கு 12,000 மட்டும் வைத்தோம். பெரியவை 48,000 ஆகக் குறைந்தன, 1.26-ஆல் பெருக்கினால் சுமார் 60,500.

பராமரிப்பில் பாதி, 50,000, பிள்ளைகள் பொறுப்பு. "அப்போ பாத்துக்கலாம்" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அப்போது யார் எந்த நிலையில் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆளுக்கு மாதம் 70 ரிங்கிட், ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டி, 20 வருடம். இன்றிலிருந்தே கட்டுகிறார்கள். ஆக மொத்தமாக ஒதுக்க வேண்டியது 1,10,500.

சித்தப்பாவுக்கு நிறுவனம் தந்த மெடிக்கல் கார்டு வேலையோடு போய்விட்டது. புதிதாக வாங்கலாமா என்று பார்த்தோம். சர்க்கரை தொடர்பானவற்றை விலக்கிவிட்டு, ஆண்டுக்கு 5,400 ரிங்கிட் சொன்னார்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் கட்டும் பிரீமியம் மட்டும் 86,000, பதினோராவது வருடம் கட்ட வேண்டியது 14,000. எங்கள் பெரிய செலவுப் பட்டியலைவிட அதிகம், அதிலும் வரக்கூடிய நோய்க்கு விலக்கு. வேண்டாம் என்று விட்டோம். 45 வயதில் ஆரோக்கியமாக இருந்து, பழைய கார்டு கையில் இருப்பவருக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன். அவர் அதை வைத்துக்கொண்டு, பில்லில் ஒரு பகுதியைத் தானே கட்டும் திட்டத்துக்கு மாறினால் பிரீமியம் குறையும். 2024 செப்டம்பரிலிருந்து அப்படிப்பட்ட தேர்வை நிறுவனங்கள் தர வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி.

ஏழாம் படி: பணத்தை எங்கே வைப்பது

இபிஎஃப் கணக்குக்குள் "இது மருத்துவம், இது சாப்பாடு" என்று கோடு போட முடியாது. ஆனால் கணவன் மனைவிக்கு இரண்டு கணக்கு இருக்கிறதே! சித்தப்பாவின் கணக்கு வாழ்க்கைச் செலவுக்கு, சித்தியின் 92,000 மருத்துவத்துக்கு என்று வைத்தோம். 55 வயது தாண்டிவிட்டதால் சித்தி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுக்காவிட்டால் லாபஈவு சேர்ந்துகொண்டிருக்கும். சித்தப்பாவின் கணக்கிலிருந்து 20,000 எடுத்து, சித்தியும் மூத்த மகளும் சேர்ந்த கணக்கில், யார் கையெழுத்துப் போட்டாலும் எடுக்கலாம் என்ற முறையில், நான்கு 5,000 நிரந்தர வைப்பாகப் போட்டோம். ஒன்றை அவசரத்துக்கு உடைத்தால் மற்ற மூன்றின் வட்டி தப்பும். வாடகையின் 420-உம் பிள்ளைகளின் 210-உம் அமானா சஹாம் மலேசியாவில், யூனிட் கிடைக்கும்போதெல்லாம். 240 வீட்டுக்கு, மீதி அங்கேயே நிற்கும்.

மகளை ஏன் சேர்த்தோம் என்பது முக்கியம். சித்தி நினைவிழந்து ஐசியூவில் இருந்தால் அவருடைய இபிஎஃப்-ஐ மகள் நினைத்தவுடன் எடுக்க முடியாது. பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மலேசியாவில் சாதாரணப் பவர், எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை நிரந்தரமாக இழந்தால் செல்லாது. அப்புறம் உயர்நீதிமன்றம் போக வேண்டும். அதனால் முதல் மூன்று நாள் பணம் எப்போதும் இரண்டு பேர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மறதி நோய் என்று டாக்டர் முதன்முதலில் சொல்லும்போது, சித்தி இன்னும் கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருக்கும்போதே, பெரும்பகுதியை மகளோடு சேர்ந்த கணக்குக்கு மாற்றுவது என்று எழுதி வைத்திருக்கிறோம். இபிஎஃப் நாமினேஷனையும் அன்றே சரிபார்த்தோம். சித்தியின் கணக்கில் இன்னும் அவருடைய மறைந்த அம்மாவின் பெயர் இருந்தது!

வாழ்க்கைச் செலவுக்கு மிஞ்சியது 3,00,000. மருத்துவம் நீங்கிய செலவு மாதம் 2,600. வாடகையில் மீதி 280, பிள்ளைகள் தரும் 600 போக, இபிஎஃப்-இலிருந்து 1,720 எடுக்க வேண்டும். விலைவாசியைவிட 2.5 சதவீதம் அதிகமாகப் பணம் வளர்ந்தால் ஏறக்குறைய 18 வருடம் வரும். சித்தப்பாவுக்கு அப்போது 78. அதற்கப்புறம் நிபோங் திபால் வீட்டை விற்க வேண்டியிருக்கும், அப்போது 420-ஐ வேறு இடத்திலிருந்து தேட வேண்டும். இதை அவர்களிடம் மறைக்கவில்லை.

எட்டாம் படி: ஒவ்வொரு மார்ச்சும்

லாபஈவு அறிவிப்பு வந்த பிறகு, மார்ச்சில் பிஸ்கட் டின்னை மறுபடி கொட்டுகிறோம். பார்ப்பது இரண்டே எண். மாதச் செலவு 240-இலிருந்து ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேல் ஏறியதா? ஒரு வருடம் ஏறினால் விட்டுவிடலாம், இரண்டு வருடம் தொடர்ந்தால் 420 போதாது. அப்புறம், அவசரமில்லாத எதற்காவது நிரந்தர வைப்பை உடைத்தோமா? உடைத்திருந்தால் அந்தப் பணம் சித்தப்பாவின் கணக்கிலிருந்து திரும்பி வர வேண்டும். பிள்ளைகள் தாங்களே கட்டிய மருத்துவ ரசீதுகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை வரிச் சலுகை உண்டு, யார் கட்டினாரோ அவர் கோரலாம்.

இந்த மார்ச்சில் மாதச் செலவு 251. ஒரு நிரந்தர வைப்பு உடைந்திருந்தது. கல்யாண மொய்க்கு என்று மகளைக் கையெழுத்துப் போட வைத்ததாகச் சித்தப்பா ஒத்துக்கொண்டார். சித்தி எதுவும் பேசவில்லை, அவருடைய இபிஎஃப் ஸ்டேட்மென்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.